காலணாவில் எண்ணும் கணினி

மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு மாத்திரை அட்டையின் விலை 20 ரூபாய் 30 பைசா. பில் போடும் கணினியில் அந்த விலை 20.3 என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ‘20.30 ரூபாய் விலையுள்ள சரக்கைக் காட்டு’ என்று கேட்டால், அப்படி ஒன்றுமே இல்லை என்கிறது அதே கணினி. அந்த அட்டையில் 6,554 விற்ற பிறகு கூட்டிப் பார்த்தால் 1,33,046 ரூபாய் 20 பைசா வர வேண்டும். 19 பைசாதான் வருகிறது.

ஒரு பைசாவுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லைதான். ஆனால் கணக்கு எழுதுகிறவருக்கு அந்த ஒரு பைசா வேறு விதமான தொல்லை. பில்லிங் கணக்கும் பேரேடும் பைசா சுத்தமாக ஒத்துப்போகிற வரைதான், ஒத்துப்போகாத நாளன்று ஏதோ ஒரு பில் விட்டுப்போயிருக்கிறது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியும். ‘எப்போதும் ஏழெட்டுப் பைசா இடிக்கும், விட்டுவிடு’ என்ற பழக்கம் வந்துவிட்டால், உண்மையான தவறு அந்த ஏழெட்டுப் பைசாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இந்தக் கோளாறுக்குக் காரணம், மென்பொருளை எழுதியவர் டேபிளை உருவாக்கும்போது விலைப் பத்திக்குக் கொடுத்த ஒரே ஒரு சொல்: `FLOAT`. புள்ளி வைத்த எண் என்றால் `FLOAT` என்று பாடத்தில் படித்திருப்பார். அதை `DECIMAL` என்று மாற்ற வேண்டும். மாற்றும் கட்டளை இரண்டே வரிதான். ஆனால் அதை யோசிக்காமல் ஓட்டினால், இதுவரை தோராயமாக இருந்த தவறு நிரந்தரமான தவறாக உறைந்துவிடும். எதை மீட்க முடியும், எதை மீட்க முடியாது என்று தெரிந்துகொண்டு மாற்றுவதுதான் இதில் உள்ள உண்மையான வேலை.

அஞ்சுக்கு வழியில்லை

முழு எண்ணுக்குக் கீழே உள்ள பின்னத்தை `FLOAT` பாதி பாதியாகவே பிரிக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. எந்தப் பின்னமானாலும் இந்தத் துண்டுகளைக் கூட்டித்தான் அது எழுத வேண்டும்.

நம் பழைய ரூபாய்க்கு இது கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு நான்கு காலணா, ஆக ரூபாய்க்கு 64 காலணா. எல்லாமே பாதி பாதியாக வந்த எண்கள். ஆனால் 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. நூறு என்பது இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும் பெருகி வந்த எண். எத்தனை முறை பாதியாக்கினாலும் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்காது. அதனால் 25, 50, 75 பைசாக்களும் முழு ரூபாயும் மட்டுமே `FLOAT`இல் பிசகில்லாமல் அமரும். மற்ற 96 பைசாக்களும் தோராயம்தான்.

30 பைசாவையே வைத்துப் பார்க்கலாம். முதலில் ஒரு கால் ரூபாய் எடுத்தால் 25 பைசா. மிச்சம் 5 பைசா. அரைக்கால் என்பது 12½ பைசா, அது பெரிது. வீசம் 6¼ பைசா, அதுவும் பெரிது. அரைவீசம் 3⅛ பைசா, அது பொருந்தும். அடுத்து 64இல் ஒரு பங்கையும் சேர்த்தால் 29.6875 பைசா வருகிறது. இன்னும் கொஞ்சம் மிச்சம். அதை நிரப்ப இன்னும் சிறிய துண்டுகள், பிறகு இன்னும் சிறிய மிச்சம். பத்தை மூன்றால் வகுக்கும்போது 3.333 என்று முடிவில்லாமல் போவதைப் போல இதுவும் முடியாது.

முடியாததை எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை 1985இல் வந்த ஐ.ட்ரிபிள்.ஈ. 754 என்ற தரநிலை வரையறுத்தது. அதை உருவாக்குவதில் முன்நின்ற கணித அறிஞர் வில்லியம் கஹானுக்கு 1989இல் டூரிங் விருது கிடைத்தது. அந்தத் தரநிலைப்படி ஒரு சாதாரண `FLOAT` எண்ணுக்கு 24 இரும இலக்கங்கள் உண்டு. ரூபாய்க்கும் பைசாவுக்கும் சேர்த்து அவ்வளவுதான் இடம். 20.30ஐ அந்த இடத்துக்குள் அடைத்தால் என்ன ஆகிறது என்பதை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் நேராகவே பார்க்கலாம்.

```sql
SELECT price, price + 0 FROM bill_items WHERE id = 1;
-- 20.3    20.299999237060547
```

முதலில் தெரியும் 20.3 நமக்காக மழுப்பிக் காட்டிய எண். மைஎஸ்கியூஎல் ஒரு `FLOAT` எண்ணை ஆறு இலக்கத்துக்குச் சுருக்கித்தான் காட்டும். பூஜ்யத்தைக் கூட்டியதும் அந்த மழுப்பல் போய், உள்ளே உண்மையில் இருப்பது வெளியே வருகிறது. 20.30 என்று தேடினால் கிடைக்காததன் காரணமும் இதுதான். அந்த டேபிளில் 20.30 என்ற எண்ணே இல்லை.

தோராயம் எப்போது பைசாவாகிறது?

20.30க்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு பைசாவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது பில்லில் தெரியும் பைசாவாக மாறுவது மூன்று வழிகளில்.

முதல் வழி, சேர்ந்து சேர்ந்து வளர்வது. ஒவ்வொரு அட்டையிலும் அதே திசையில், அதே அளவு குறைகிறது. 6,553 அட்டை வரை அந்தக் குறை அரைப் பைசாவைத் தாண்டாது. அதனால் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கும்போது மறைந்துவிடும். அடுத்த அட்டையோடு அரைப் பைசாவைத் தாண்டுகிறது, மொத்தத்தில் ஒரு பைசா விழுகிறது. மாதக் கணக்கு சரியாக இருந்து ஆண்டுக் கணக்கு மட்டும் இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இரண்டாவது வழிக்கு ஆயிரக்கணக்கான விற்பனை தேவையில்லை. ஒரே பில் போதும். மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம். ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் சரக்கு என்றால் அது முழுதும் ஐஜிஎஸ்டியாக ஒரே தொகையாக வரும். 20.30க்கு 5 சதவீதம் என்பது 1.015 ரூபாய். ஒரு ரூபாய் ஒன்றரைப் பைசா. அரையை மேலே ஏற்றுவது வழக்கம் என்பதால் 1.02 என்று எழுத வேண்டும். கணினி 20.299999237ஐ எடுத்துப் பெருக்குகிறது. விடை 1.01499996. அது அரைக்குக் கீழே என்று கருதி 1.01 என்று போடுகிறது. தவறு மயிரிழைதான். ஆனால் விடை சரியாக வரப்பின் மேல் நிற்கும்போது அந்த மயிரிழையே எந்தப் பக்கம் விழுவது என்று தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது வழிதான் மோசமானது. 24 இலக்கங்களையும் ரூபாயும் பைசாவும் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பார்த்தோம். ரூபாய் பெரிதாகப் பெரிதாக, பைசாவுக்கு மிஞ்சும் இடம் குறையும். விலை 1,31,072 ரூபாயை எட்டியதும் (இரண்டைப் பதினேழு முறை பெருக்கினால் வரும் எண் இது) `FLOAT` எடுத்துவைக்கும் மிகச் சிறிய அடி ரூபாயில் 64இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது சரியாக ஒரு காலணா. அதற்கு மேல் அது பைசாவில் எண்ணுவதே இல்லை. காலணா காலணாவாகத்தான் எண்ணுகிறது.

மருந்துக் கடையில் ஒரு லட்சத்தைத் தாண்டும் விலையா என்று தோன்றலாம். புற்றுநோய்க்கான சில ஊசி மருந்துகள் அந்த விலைக்கு விற்கின்றன. அப்படி ஒன்றின் விலை 1,45,999 ரூபாய் 99 பைசா என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பக்கத்தில் உள்ள இரண்டு காலணாப் படிகள் 1,45,999.984375, 1,46,000. முதல் படிதான் அருகில் இருப்பதால் விலை அங்கே போய் உட்காருகிறது. இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கிக் கேட்டால் 98 பைசா என்கிறது. யாராவது 1,45,999.98 என்றே ஒரு விலையைப் பதிந்திருந்தாலும் அதுவும் அதே படியில்தான் உட்காரும். இரண்டு வெவ்வேறு விலைகள் ஒரே எண்ணாகிவிட்டன. இனி அந்த எண்ணை மட்டும் பார்த்து, பதிந்தது 98 பைசாவா 99 பைசாவா என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் கோடு பிரிகிறது. 1,31,072க்குக் கீழே ஒரு அடி அதிகபட்சம் ரூபாயில் 128இல் ஒரு பங்கு. விலை விலகியிருந்தாலும் அதில் பாதிதான், அதாவது 0.39 பைசாதான் விலகியிருக்க முடியும். அது அரைப் பைசாவைவிடக் குறைவு. ஆகவே பைசா வரை மட்டும் பதிந்த விலை எதுவானாலும், இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கினால் பழைய விலை அப்படியே திரும்பக் கிடைக்கும். இது ஊகம் இல்லை, கணக்கு. அந்தக் கோட்டுக்கு மேலே அந்த உறுதி இல்லை. அங்கே கணினியின் நினைவை நம்பாமல் பழைய பில்லைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை இலக்கம்?

`DECIMAL` வகை நாம் எழுதும் தசம இலக்கங்களையே அப்படியே வைத்துக்கொள்கிறது. 20.30 என்றால் 20.30தான். கூட்டினாலும் 20.30 ஆகத்தான் கூட்டும். ஆனால் அது ஒன்றை நம்மிடம் முன்கூட்டியே கேட்கிறது. மொத்தம் எத்தனை இலக்கம், அதில் புள்ளிக்குப் பின்னால் எத்தனை? `DECIMAL(12,2)` என்றால் மொத்தம் 12, அதில் பைசாவுக்கு 2. புள்ளிக்கு முன்னால் 12 என்று தவறாகப் படிப்பவர்கள் உண்டு. `DECIMAL(5,2)` என்று எழுதிவிட்டு ஆயிரம் ரூபாயைப் பதிய முடியாமல் விழிப்பது இதனால்தான். அதில் அதிகபட்சம் 999.99தான் அடங்கும்.

விலை என்றால் பைசா, பைசா என்றால் இரண்டு இலக்கம் என்று முடிவு செய்வதற்கு முன் கடையின் வழக்கத்தைக் கேட்க வேண்டும். இந்தக் கடையில் பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை 23.45 ரூபாய் என்றால், சில்லறையில் ஒரு மாத்திரை 2.345. இரண்டு இலக்கப் பத்தியில் அது 2.35 ஆகிவிடும். தனித்தனியாகப் பத்து மாத்திரை வாங்கினால் 23.50. அட்டை விலையைவிட ஐந்து பைசா கூடுதல். மென்பொருளைத் திருத்தப் போய் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கிய கதையாகிவிடும். ஆகவே ஒரு மாத்திரையின் விலையைத் தாங்க இங்கே நான்கு இலக்கம் வேண்டும். `DECIMAL(12,4)` எடுத்தால் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைவான விலை வரை அடங்கும். ஒரு விலைக்கு 6 பைட் பிடிக்கும். `FLOAT` 4 பைட். இரண்டு பைட் கூடுதல் செலவில் கணக்கு நேராகிறது.

நான்கு இலக்கம் என்று முடிவானதும், பத்தியின் வகையை நேரடியாக `DECIMAL(12,4)` என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 20,000 ரூபாய் 30 பைசா என்று பதிந்த ஒரு விலை `FLOAT`இல் 20000.30078125 ஆக இருக்கிறது. இதை நான்கு இலக்கத்துக்கு மாற்றினால் 20000.3008. அதுவரை தோராயத்தின் வால் என்று யாரும் கண்டுகொள்ளாத துணுக்கு, இப்போது துல்லியமான வகைக்குள் துல்லியமான விலையாகப் பதிந்துவிட்டது. பிறகு அதைச் சந்தேகிக்கவே யாருக்கும் தோன்றாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதே இடத்தில் வேறொரு பொறி உண்டு. அங்கே `real` வகையை `price::numeric` என்று மாற்றினால் ஆறு இலக்கத்தோடு நின்றுவிடும். 12345.67 என்ற விலை 12345.7 ஆகிவிடும்.

புதிய பத்தி, பழைய பில்

அதனால் பழைய பத்தியின் மேல் கை வைக்காமல், பக்கத்தில் புதிய பத்தி ஒன்றைத் திறந்து நிரப்புவதே நல்ல வழி. கடை மூடிய பிறகு, பில் போடும் கணினிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முழு பேக்கப் எடுத்த பின் தொடங்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு பில் போட்டால் அது பழைய பத்தியில் மட்டும் விழும்.

```sql
ALTER TABLE bill_items ADD COLUMN price_new DECIMAL(12,4);

UPDATE bill_items
SET price_new = IF(price < 1000, ROUND(price, 4), ROUND(price, 2));
```

ஆயிரம் ரூபாய்க்குக் கீழே நான்கு இலக்கம், மேலே இரண்டு இலக்கம் என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஆயிரத்துக்குள் `FLOAT`இன் விலகல் 0.000031 ரூபாயைத் தாண்டாது. எனவே அங்கே நான்காவது இலக்கம் வரை நம்பலாம். 2.345 சரியாக 2.3450 என்று வரும், 20.30உம் 20.3000 என்று வரும். ஆயிரத்துக்கு மேல் மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் வெறும் வாலாக இருக்கக்கூடும் என்பதால் பைசாவோடு வெட்டிவிடுகிறோம். ஆயிரத்துக்கு மேல் பைசாவுக்குக் கீழே விலை வைக்கும் வழக்கம் கடையில் இல்லை என்பதை முதலில் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டும்.

அடுத்தது, கணினியை நம்ப முடியாத வரிசைகள்.

```sql
SELECT id, bill_no, price_new FROM bill_items
WHERE price >= 131072;
```

இந்தப் பட்டியல் பெரும்பாலான கடைகளில் சிறியதாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் அச்சிட்ட பில்லோடோ, கொள்முதல் இன்வாய்ஸோடோ ஒப்பிட்டு, தவறாக இருப்பதைக் கையால் திருத்த வேண்டும். முழு ரூபாயாக இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று தாண்டிப் போகக் கூடாது. 2,62,144 ரூபாய்க்கு மேல் அடி ஒரு காலணா இல்லை, இரண்டு காலணா. மூன்று லட்சத்து ஒரு பைசா என்று பதிந்ததும் அங்கே வெறும் மூன்று லட்சமாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

பில்லும் கிடைக்காத பழைய வரிசை ஒன்றிரண்டு இருக்கலாம். அவற்றுக்கு ஊகத்தில் ஒரு பைசாவைக் கூட்டி அழகுபடுத்த வேண்டாம். கணினி வைத்திருப்பதை அப்படியே மாற்றிவிட்டு, இன்னின்ன பில்களில் பைசா உறுதியில்லை என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பதே நேர்மை.

பிறகு மாதவாரியாகப் புதிய பத்தியின் மொத்தத்தை எடுக்க வேண்டும். இதைப் பழைய பத்தியின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அது தவறு என்பதால்தானே இந்த வேலையே நடக்கிறது? அச்சாகி வெளியே போன பில்களின் மொத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். எல்லா மாதமும் பைசா வரை ஒத்துப்போன பிறகே பெயர் மாற்றம்.

```sql
ALTER TABLE bill_items
  CHANGE price price_float FLOAT NULL,
  CHANGE price_new price DECIMAL(12,4) NOT NULL;
```

இதில் இரண்டு சிறிய விஷயங்கள் பெரிய தொல்லை தரக்கூடியவை. `CHANGE` என்று எழுதும்போது பத்தியின் இயல்புகளை எல்லாம் மறுபடி சொல்ல வேண்டும். `NOT NULL` என்பதை விட்டுவிட்டால், காலியான விலையையும் டேபிள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிடும். மறுபுறம் பழைய பத்தியை `NULL` ஆக விட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் முதல் பில் போடும்போது, பழைய பத்திக்கு மதிப்பு இல்லை என்று டேட்டாபேஸ் பில்லையே மறுத்துவிடும். வகை மாறும் ஒவ்வொரு முறையும் மைஎஸ்கியூஎல் முழு டேபிளையும் நகலெடுக்கும், அதுவரை எதுவும் எழுத விடாது. பல லட்சம் வரிசை உள்ள டேபிள் என்றால் இதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

விலையோடு வேலை முடியவில்லை. ஜிஎஸ்டித் தொகை, தள்ளுபடி, பில் மொத்தம், வாடிக்கையாளர் பாக்கி என்று பணம் உள்ள பத்திகள் எல்லாம் இதே வழியில் மாற வேண்டும். ஒன்று மட்டும் `FLOAT`ஆக மிஞ்சினாலும், அதோடு பெருக்கியோ கூட்டியோ வரும் விடை மறுபடி தோராயமாகிவிடும். ஆனால் பழைய பில்களின் ஜிஎஸ்டியைப் புதிய விலையிலிருந்து மறுபடி கணக்கிடக் கூடாது. அன்றைக்கு 1.01 என்று அச்சிட்டு, வாங்கி, ரிட்டர்னிலும் காட்டியாகிவிட்டது. சரியான விடை 1.02 என்றாலும், நடந்தது 1.01தான். பதிவில் நடந்ததே இருக்க வேண்டும்.

வாசலில் காத்திருக்கும் பழைய தவறு

டேட்டாபேஸ் சரியாகிவிட்டது. ஆனால் விலையைப் படித்துக் கணக்குப் போடுவது வேறொரு நிரல். பிஎச்பியில் எழுதிய நிரலுக்கு மைஎஸ்கியூஎல் `DECIMAL` விலையை எழுத்துச் சரமாகவே கொடுக்கும். அதை `floatval` வழியாக எண்ணாக்கிய அந்த நொடியில் பழைய கோளாறு மறுபடி உள்ளே நுழைந்துவிடுகிறது. பைத்தானில் துல்லியமான வகை இருந்தும் அதைத் தவறாகத் தொடங்கி வைக்க முடியும்.

```python
Decimal("0.1")   # 0.1
Decimal(0.1)     # 0.1000000000000000055511151231257827...
```

மேற்கோள் குறி இல்லாத இடத்தில் 0.1 முதலில் பாதி பாதியான தோராயமாகி, பிறகுதான் `Decimal` கைக்கு வருகிறது. அது தனக்கு வந்ததைத் துல்லியமாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே நிரலில் விலை நுழையும் ஒவ்வொரு வாசலையும் தேடிப் பார்க்க வேண்டும். 20.30க்கு 5 சதவீத ஜிஎஸ்டியைக் கணக்கிடச் சொல்லி, 1.02 வருகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். `DECIMAL` வந்ததும் முழுமையாக்கும் பிரச்சினை மறைந்துவிடாது. எங்கே முழுமையாக்குவது என்ற முடிவு மனிதர்களுடையது. 20.30 ரூபாய் சரக்கு பத்து வரிசைகளில் வரும் ஒரு பில்லில், வரிசைதோறும் ஜிஎஸ்டியை முழுமையாக்கினால் 1.02 வீதம் 10 ரூபாய் 20 பைசா. மொத்தமான 203 ரூபாய்க்கு ஒரே முறை கணக்கிட்டால் 10 ரூபாய் 15 பைசா. இரண்டுமே துல்லியமான கணக்கு, இருந்தும் ஐந்து பைசா வித்தியாசம். செலுத்த வேண்டிய தொகையை முழு ரூபாய்க்கு முழுமையாக்கும் விதியை மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏறும், குறைந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு முந்தைய படிகளில் எந்த முறையென்று கடையும் ஆடிட்டரும் மென்பொருள்காரரும் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்து, பில்லிலும் அறிக்கையிலும் அதையே பின்பற்ற வேண்டும்.

இந்த முடிவைத் தவறாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை ஓர் எடுத்துக்காட்டு. 1982 ஜனவரியில் அங்கே ஒரு புதிய குறியீட்டெண் 1,000 என்ற அளவில் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரத்துக்குப் பிறகும் அதைத் திருத்தி எழுதியபோது, மூன்று தசம இலக்கத்துக்கு மேல் வந்ததை முழுமையாக்காமல் வெட்டி எறிந்தார்கள். ஒவ்வொரு வெட்டும் கீழ் நோக்கியே இழுத்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் 524.811 என்று காட்டியது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098.892 ஆக இருந்தது. சந்தை ஏறியிருந்தது. எண் பாதியாக விழுந்திருந்தது. எப்போதும் ஒரே பக்கம் சாயும் சிறு பிழையின் வலிமை அவ்வளவு.

எதை மாற்ற வேண்டாம்

`FLOAT` என்று எங்கே கண்டாலும் மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. அதே மருந்துக் கடையின் குளிர்பெட்டியில் தடுப்பூசிகளும் இன்சுலினும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையைப் பதியும் பத்தி `FLOAT`ஆகவே இருக்கலாம். அளக்கும் கருவிக்கே பிசகு உண்டு. 4.3 டிகிரி என்பது உள்ளே 4.30000019 என்று பதிந்தால் எந்த மருந்தும் கெடாது. எடை, நீளம், வெப்பம் போன்றவை அளந்து அறியப்படுபவை. அளவு என்பதே தோராயம்தான்.

விலை அப்படி அல்ல. அது இரண்டு பேர் பேசி ஒப்புக்கொண்ட எண். 20 ரூபாய் 30 பைசா என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சம்மதித்து வாங்கியிருக்கிறார். அதில் ‘கிட்டத்தட்ட’ என்பதற்கு இடமே இல்லை. டேபிளில் உள்ள ஒவ்வொரு பத்தியையும் பார்த்து, இது அளந்ததா, ஒப்புக்கொண்டதா என்று கேட்டால் போதும். எதை `DECIMAL` ஆக்க வேண்டும் என்ற பட்டியல் தானே வந்துவிடும். ஜிஎஸ்டி விகிதம், தள்ளுபடிச் சதவீதம், கடன் வட்டி எல்லாம் ஒப்புக்கொண்ட எண்கள்தான். புதிதாக டேபிள் போடுகிறவர் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிட்டால், பழைய பில் கட்டுகளைப் பிரித்துப் பைசா தேடும் வேலை பின்னால் யாருக்கும் வராது.